உப்பு தின்னாத வண்டி

பழவேற்காட்டில் ஒரு பைக் எத்தனை வருஷம் தாங்கும் என்று என்னைக் கேட்டால், நான் எஞ்சினைத் திறக்கவே மாட்டேன். குனிந்து அடியைப் பார்ப்பேன். சைலன்சர் சேரும் இடம், ஸ்போக்ஸ் கம்பி மாட்டும் முனை, பேட்டரிப் பெட்டியின் அடித்தகடு. ஏரிக்காற்றும் கடல்காற்றும் சேர்ந்து தின்கிற ஊர் இது. மீன் கூடையிலிருந்து வடிகிற உப்புத்தண்ணீர் வேறு. புது வண்டி இரண்டே வருஷத்தில் அப்பளமாகிவிடும். அதனால் இங்கே பழைய வண்டி வாங்குகிற எவனும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: துரு இருக்கா?

அந்தக் கேள்விக்கு இந்த வட்டாரத்திலேயே என்னைவிட நன்றாகப் பதில் சொல்ல ஆளில்லை என்று இருபது வருஷமாகத் திமிரோடு இருந்தேன். என் பெயர் லோகநாதன். கடைத்தெருவில் மெக்கானிக் கடை. விற்பனை ஆப்பில் ஏதாவது வண்டியைப் பார்த்தால் படங்களை எனக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார்கள். டீ குடித்துக்கொண்டே பார்த்து, வாங்கு, வேணாம் என்று சொல்லிவிடுவேன். பெரிய டாக்டர் எக்ஸ்ரே பார்க்கிற நினைப்பு எனக்கு.

என் தங்கை பூவிழியின் புருஷன் தனசேகருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை கிடைத்தது. ஏரியில் மீன்பாடு சரியில்லாமல் போனபிறகு மூன்று வருஷம் அலைந்து கிடைத்த வேலை. பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் ஒரு பைக் தேடினான். திருவள்ளூர் தாண்டி யாரோ ஒருவன் விற்கப் போட்டிருந்த வண்டியின் ஏழு படங்களை எனக்கு அனுப்பிவிட்டுக் கடைக்கே வந்து நின்றான்.

"மச்சான், ஒருவாட்டி கூட வந்து நேர்ல பாத்துட்டு சொல்லேன்."

"நேர்ல இன்னாத்துக்குடா மாப்ள? படமே பேசுது பாரு. அடியில ஒரு பொட்டு துரு கீதா? உப்பே தின்னாத வண்டிடா இது. கண்ண மூடிகினு வாங்கு."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அன்றைக்கு எனக்கு அப்படி ஒன்றும் தலைபோகிற வேலை இல்லை. சோம்பல்தான். அதை மறைத்து இப்போது யாருக்கு என்ன லாபம்?

வண்டி வந்தது. ஆயில் மாற்றிக் கொடுத்தேன். மறுபடியும் குனிந்து அடியைத்தான் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. நாலாம் நாள் தனசேகர் வந்து, "மச்சான், பிடிய லேசா வுட்டா வண்டி இடது பக்கம் இழுக்குது" என்றான். டயரில் காற்று கம்மி என்று சொல்லி, அடைத்து அனுப்பினேன்.

பதினொன்றாம் நாள், இரண்டு மணி ஷிப்டுக்காக வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவன் போய்ச் சேரவில்லை. வழியில் இருந்த கல்வெர்ட்டின் சுவரில் மோதிக் கிடந்தான். நேரான சாலை. பட்டப்பகல். குறுக்கே மாடு இல்லை, எதிரே லாரி இல்லை. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பொன்னேரி போவதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

மூன்றாம் நாளே குப்பத்தில் பேச்சு கிளம்பியது. நேர் ரோட்டில் தானாகப் போய் எவன் சுவரில் முட்டுவான்? குடித்திருப்பான். தனசேகர் ஒரு காலத்தில் மொடாக் குடியன், அது பொய் இல்லை. ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் கங்கையம்மன் கோயிலில், ஊர் பார்க்க, உள்ளங்கையால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. அப்படிச் சத்தியம் பண்ணிவிட்டு மீறினவனை எங்கள் ஊர் மன்னிக்காது. அம்மன் கேட்டுவிட்டாள் என்று சொல்லிக் கை கழுவிவிடும். ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வர மாசக்கணக்கு ஆகும் என்றார்கள். ஊர்வாய் அதுவரைக்கும் காத்திருக்குமா என்ன?

பள்ளிக்கூடத்தில் ஒரு பெண், என் தங்கை மகள் சுபஸ்ரீயிடம், "உங்க நைனா குடிச்சிட்டு செத்துட்டாராமே" என்று கேட்டிருக்கிறாள். எட்டு வயசுக் குழந்தை. வந்து தன் அம்மாவிடம் அப்படியே கேட்டது. பூவிழி புருஷன் செத்ததற்கு அழுததைவிட அன்றைக்குத்தான் அதிகமாக அழுதாள்.

"அண்ணா, அவரு குடிக்கலண்ணா. என் கையாலதான சோறு போட்டேன். வாய்ல வாடை இருந்தா எனக்குத் தெரியாதா? நீயாச்சும் சொல்லுண்ணா ஊருக்கு."

அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை போதும்.

பத்தாம் நாள்தான் அந்த ஏழு படங்களையும் திறக்க எனக்குத் தைரியம் வந்தது. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை அடியைப் பார்க்கவில்லை. விரலால் பெரிதாக்கி, மேலே பார்த்தேன்.

ஐயோ, எல்லாம் இருந்தது. எல்லாமே அந்தப் படங்களில் இருந்தது.

ஏழு படத்தில் ஆறில் ஹேண்டில் இடதுபக்கம் முழுக்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. சைடு ஸ்டாண்டில் எல்லோரும் அப்படித்தான் நிறுத்துவோம் என்று அன்றைக்கு விட்டிருந்தேன். அப்படித் திருப்பி வைத்தால் முன்சக்கரத்தின் கோணல் தெரியாது. வலதுபக்கத்தை முழுசாகக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. முன்னாலிருந்து எடுத்த படத்தில் ஹெட்லைட் கண்ணாடி புத்தம் புதிது, அதற்கு நேர்மேலே இருந்த மீட்டர் கண்ணாடி கீறலேறி மங்கிப்போனது. இடது மிரர் வெளுத்தது, வலது மிரர் பளபளப்பு. அதே படத்தின் ஓரத்தில் முன்பிரேக் பிடியின் நுனிக் குண்டு பாதி தேய்ந்து சப்பையாக இருந்தது. தார்ச்சாலையில் இழுபட்டால்தான் அப்படித் தேயும்.

டேங்கின் முன்முனையில் ஒரு ஸ்டிக்கர். ஹேண்டில் மடங்கி வந்து இடித்தால் பள்ளம் விழுகிற அதே இடம். அதைவிட மோசம், கழுத்து. ஹேண்டிலைத் தாங்குகிற சேசிஸின் கழுத்தில் மட்டும் கறுப்புப் பெயின்ட் மினுமினுத்தது. மற்ற இடமெல்லாம் பழைய சேசிஸ், புழுதி நிறம். பக்கத்தில் ஓடிய ஒயர் உறையின்மேலும் கறுப்புத் துளிகள் தெறித்திருந்தன. கம்பெனியில் ஒயர் மாட்டிய பிறகா பெயின்ட் அடிப்பான்? உடைந்த கழுத்தை ஒட்டவைத்துவிட்டு எவனோ ஸ்ப்ரே அடித்திருக்கிறான்.

ஏழாவது படத்தில் மட்டும் வண்டி சென்டர் ஸ்டாண்டில், சக்கரம் நேராக நின்றது. அதே மாடல் வண்டி ஒன்று என் கடையில் ரிப்பேருக்குக் கிடந்தது. அதையும் அப்படியே நிறுத்திப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதில் முன் டயருக்கும் எஞ்சினுக்கும் நடுவே என் உள்ளங்கை தாராளமாகப் போயிற்று. படத்தில் இருந்த வண்டியில் இரண்டு விரல் நுழையாது. நேராக எதிலோ மோதி, முன்பக்கம் மொத்தமும் பின்னால் தள்ளப்பட்ட வண்டி அது. இடது பக்கம் இழுக்குது என்று அவன் வந்து சொன்னானே, அதற்கு நான் காற்று அடைத்தேனே, அட மடப்பயலே!

அன்று மாலையே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே தெரிந்த ஏட்டு ஒருவரிடம் கெஞ்சி, மூலையில் கிடந்த வண்டியைப் பார்த்தேன். நொறுங்கிக் கிடந்தது. ஆனால் கழுத்து உடைந்த வாயைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வாயின் ஒரு பாதியில் பத்து நாள் துரு, செம்மண் நிறம். மறுபாதியில் கறுத்துக் கெட்டியான பழைய துரு. மோதியதால் உடைந்திருந்தால் முழு வாயும் ஒரே நிறமாக இருக்கும். அந்தப் பாதி மாசக்கணக்காக, பெயின்ட்டுக்கு அடியில், விரிசலாகவே இருந்திருக்கிறது. மீதிப்பாதி விட்டுப்போனதும் ஹேண்டிலும் முன்சக்கரமும் தனியாகக் கழன்று, வண்டி அதன் போக்கில் போயிருக்கும். அதையும் படம் எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் தனசேகர் பெயர் சுத்தமாகிவிடும். சொன்னால் அவனை அந்த வண்டியில் ஏற்றிவிட்டது நான் என்பதும் தெரிந்துவிடும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆறு நாள் ஓட்டினேன். தினமும் அவள் வீட்டுக்குப் போய், அவள் அழுவதைப் பார்த்து, காபி குடித்துவிட்டு வந்தேன். கோழைப்பயல்.

பதினாறாம் நாள் காரியம். எங்கள் வழக்கப்படி புருஷனை இழந்தவள்மேல் பிறந்த வீட்டுக் கோடிப் புடவைதான் முதலில் விழவேண்டும். அப்பா இல்லாத வீடு, அதனால் நான்தான் பொன்னேரியில் புடவை எடுத்து வந்திருந்தேன். பந்தலில் ஊரே உட்கார்ந்திருந்தது. கங்கையம்மன் கோயில் பிரசாதம் இந்த வீட்டுக்கு இனிமேல் வரலாமா கூடாதா என்று யாரோ ஒரு பெரிசு முணுமுணுத்தது. பூவிழி காதிலும் அது விழுந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஊர்த் தலைவர் சிங்காரம் கையில் போனைக் கொடுத்தேன். ஒவ்வொரு படமாகக் காட்டிச் சொன்னேன். கழுத்துப் பெயின்ட் அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் ஸ்டேஷனில் எடுத்த படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எத்தனை நங்கூரம், எத்தனை எஞ்சின் துருப்பிடித்துப் பார்த்த மனுஷன்.

"இந்தப் பாதி பழைய துருப்பா. இது எப்பவோ வுட்டுப் போனது" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தனசேகர் மேல குத்தம் இல்ல. சத்தியம் சத்தியமாத்தான் கீது. இனிமே எவனாச்சும் வாயத் தொறந்தா நான் கேப்பேன்" என்றார்.

பூவிழி எழுந்து வந்தாள். சுபஸ்ரீயை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, "கேட்டியா? உங்க நைனா குடிக்கல. ஸ்கூல்ல எவ கேட்டாலும் சொல்லு" என்றாள். பதினாறு நாளில் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. பிறகு போனை வாங்கி, ஏழு படத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"அண்ணா, இது வண்டி வாங்கறதுக்கு முன்ன அவரு அனுப்பினதா?"

"ஆமாம்மா."

"இதெல்லாம் அப்பவே இதுல இருந்துச்சா?"

"இருந்துச்சி. நான் துருவ மட்டுந்தான் பாத்தேன். மேல பாக்கல. தப்பு என் மேலதான்."

அவள் கடைசிப் படத்துக்கு வந்தாள். ஸ்டேஷனில் எடுத்தது. மேலே தேதி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது எடுத்து ஆறு நாளு ஆவுதே."

போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"தெரியாம பண்ணிட்டன்னா பொறுத்துக்குவேண்ணா. அவரு விதின்னு நெனச்சிக்குவேன். தெரிஞ்சிகினு ஆறு நாளு என்ன அழ வுட்டுட்டு, என் வூட்டுலயே குந்திகினு காபி குடிச்சியே. கொழந்தைய அவனவன் கேலி பண்ணான். நீ பாத்துகினுதான இருந்த?"

ஐயர் நேரமாகிறது என்றார். பெண்கள் அவளை மணையில் உட்காரவைத்தார்கள். நான் தட்டில் இருந்த புடவையை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கையை நீட்டி என்னைத் தடுத்தாள். கத்தவில்லை, அழவுமில்லை.

"உன் கோடி எனக்கு வேணாம்."

யார் யாரோ சமாதானம் சொன்னார்கள். பிறந்த வீட்டுக் கோடி விழாமல் எப்படி என்றார்கள். அவள் அசையவில்லை. கடைசியில் சித்தப்பா மகன் தேவேந்திரன் கடைத்தெருவுக்கு ஓடிப்போய் ஒரு புடவை வாங்கி வந்தான். அவன் கையால் கோடி விழுந்தது. நான் என் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, பந்தலுக்கு வெளியே தெருவில் நின்று பார்த்தேன்.