மூணு சீட்டு ஒரே வரிசையில்

நாளைக்கு எனக்கும் வீட்டுக்காரிக்கும் மச்சானுக்கும் முதல் விமானப் பயணம். பக்கத்தில் நான் இல்லையென்றால் ஏறவே மாட்டேனென்று வீட்டுக்காரி ராமாயி சொல்லிவிட்டாள். செம்மேட்டுக் கம்ப்யூட்டர் கடையில் மகள் சுமித்ரா செக்-இன் செய்ய உட்கார்ந்தாள்; பின்னால் நானும் ராமாயியும் நின்றோம்.

"பொறு கண்ணு, மாமன் வரட்டும். ரேஷன் கடை மாதிரி அவனும் கைரேகை வைக்கணுமில்ல?" என்றேன்.

"வேண்டாம்ப்பா. மூணு பேருக்கும் ஒரே டிக்கெட். நானே செய்யலாம். சேர்ந்த மாதிரி ஒரே வரிசைதான் காலியா இருக்கு."

திரையில் மூன்று பெயரையும் தொட்டு அந்த வரிசையைப் பிடித்தாள். நடுவில் ராமாயி, இருபுறமும் நானும் மச்சானும்.

அப்போதுதான் மச்சான் அருணாசலம் மிளகுக் காட்டிலிருந்து ஓடி வந்தான். "கட்டைவிரலக் கழுவிட்டேன். எங்க வைக்கணும்?"

"நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு மூணு பேருமே நேர்ல வரணும் மாமா. ஆதார் மறந்தா உங்க சீட்டு காலியாத்தான் பறக்கும்."

"பறக்கட்டும்," என்றாள் ராமாயி. "என் பையை வெச்சுக்கறேன்."