கிழக்கு வேலி மூன்றடி

என் மகன் அத்னான் நட்ட எலுமிச்சை மரத்தின் விலை இரண்டரை லட்சம் ரூபாய். போட்டது நான்தான். கடலூர் முதுநகரில் முப்பது வருஷமாகப் பைப்புக் கடை வைத்திருப்பவன்; எந்தப் பொருளைப் பார்த்தாலும் மனசுக்குள் ஒரு விலை வந்து உட்கார்ந்துவிடும்.

மரம் நிற்பது சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் தாண்டி இருக்கும் எங்கள் மனையில், கிழக்கு வேலியோரம். அத்னானுக்கு வீடு கட்ட வாங்கிப் போட்ட இடம். பத்தொன்பது வயதில் அவன் மரத்தை நட்டான். இருபத்திரண்டில் பதினோரு நாள் காய்ச்சலில் போய்விட்டான். இப்போது மனை இருக்கிறது, வீடு கட்ட ஆள் இல்லை. விற்றுவிடலாம் என்றேன். என் மனைவி அஜீசுன்னிசா சரி என்று மட்டும் சொன்னாள். எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக எல்லாவற்றுக்கும் அதுதான் பதில்.

வாங்க வந்தவர் சேரன், பல்கலைக்கழகத்தில் கிளார்க். சென்ட் ஆறு லட்சம் என்று முடிந்தது. பத்திரத்தில் ஐந்து சென்ட். ஆனால் வேலி, பத்திர அளவை விட மூன்றடி கிழக்கே தள்ளி இருந்தது. அகலம் மூன்றடி, நீளம் அறுபதரையடி. கணக்குப் போட்டால் ஒரு சென்டின் நூறில் நாற்பத்தொரு பங்கு என்று ஏதோ வரும்; நான் நேராகப் பணமாகவே போட்டேன். இரண்டரை லட்சம். ஆக முப்பத்திரண்டரை.

சேரன் முன்பணம் இரண்டு லட்சம் கொடுத்துவிட்டு வேலியோரம் நடந்து பார்த்தார். "இந்த எலுமிச்சய எடுத்துட்டா கார் வுட்டுக்கலாம் பாய். ஆனா ரெஜிஸ்டருக்கு முன்னாடி ஒரு சர்வேயர வெச்சி அளந்து ஸ்கெட்ச் குடுத்துடுங்க. லோனு போடுறேன்ல."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அஜீசுன்னிசா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"இடத்த வித்துக்குங்க. மரத்த வெட்ட வேணாம்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"மண்ண வித்துட்டு மரத்துக்கு நாம சட்டம் சொல்ல முடியுமா?"

"சரி," என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் கடையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். கொட்டேஷன் எழுதுகிற அதே பேனா, அதே லெட்டர் பேடு.

"சிதம்பரம் உரிமம் பெற்ற நில அளவர் திரு. அருள்முருகன் அவர்களுக்கு, கடலூர் முதுநகர் முஹம்மது யூசுப் எழுதுவது. என் பெயரில் பட்டா உள்ள ஐந்து சென்ட் மனையை விற்க இருக்கிறேன். பத்திரப் பதிவுக்கு முன் நான்கு எல்லைகளையும் அளந்து, மூலைகளுக்குக் கல் நட்டு, பக்க அளவும் மொத்தப் பரப்பும் குறித்த வரைபடம் கையொப்பமிட்டுத் தர வேண்டுகிறேன். கிழக்கே கம்பி வேலி வரை என் அனுபவத்தில் உள்ளது. கிரயப் பத்திரம், பட்டா, புலப்பட நகல்கள் இணைத்துள்ளேன். பக்கத்து மனைக்காரர்களுக்கு நானே தகவல் சொல்லிவிடுகிறேன். தங்கள் கட்டணத்தைத் தெரிவிக்கவும்."

மகன் வீடு கட்ட வேண்டிய இடம் என்று அதில் எழுத இடமில்லை. எழுதினாலும் அது அளவில் வராது.

இரண்டு நாளில் அருள்முருகன் போன் செய்தார். "நாலாயிரம் ஆகும் பாய். ஒண்ணு சொல்லிடுறேன், என் ஸ்கெட்ச் உங்களுக்கும் வாங்குறவருக்கும் தெரிஞ்சிக்கத்தான். நாளைக்கு எல்லையில தகராறுன்னா தாலுகா சர்வேயர் அளக்கறதுதான் செல்லும். அதுக்குத் தனியா மனு போடணும்."

"தகராறு பண்ண ஆளில்ல," என்றேன். நாலாயிரத்துக்குப் பேரமும் பேசவில்லை. கடையில் வேலை செய்யும் பையன்கள் கேட்டிருந்தால் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள்.

அளக்கிற அன்று கிழக்குப் பக்கத்துக்காரர் காத்தவராயன் வந்தார். எனக்கு இந்த மனையை விற்றவரே அவர்தான். மிச்ச நிலம் அவருடையது. சேரன் தன் பைக் மீது சாய்ந்து நின்றார்.

அருள்முருகன் மேற்கு மூலையில் பழைய கல்லைக் கண்டுபிடித்தார். முக்காலி நட்டு அதன் மேல் அளவுக் கருவியை வைத்தார். அரசாங்க அளவுப் படமான புலப்படத்தைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், டேப்பைப் பிடித்துக்கொண்டு கிழக்கே நடந்தார். வேலிக்கு மூன்றடி முன்பே நின்றுவிட்டார். கடப்பாரையால் குத்தினார். ஒரு முழ ஆழத்தில் டங் என்று சத்தம் கேட்டது.

"கல்லு இங்க இருக்கு பாய். முப்பத்தாறு அடி, படத்துலயும் அதே. வேலி வேற, எல்லை வேற. அந்தப் பக்கம் உங்களுது இல்ல."

மரம் அந்தப் பக்கம் நின்றது.

"தெரியும்," என்றேன். சேரன் பைக்கை விட்டு நிமிர்ந்தார்.

தெரிந்ததுதான். பன்னிரண்டு வருஷம் முன்பு விலை முடியாமல் மூன்று மணி நேரம் இழுத்து, கடைசியில், "கொசுறா மூணடி விடுங்கண்ணே, முடிச்சிக்கலாம்," என்றேன். காத்தவராயன் சிரித்துக்கொண்டே விட்டார். பத்திரத்தில் சேர்த்தால் மறுபடி உட்பிரிவு, கூடுதல் முத்திரைத்தாள். மூன்றடிக்கு அந்தச் செலவு எதற்கு என்று நான்தான் வேண்டாமென்றேன். வாயால் வாங்கினேன், வேலி போட்டுக்கொண்டேன். வியாபாரி செய்கிற மிச்சம் அது. அது நினைவிருந்தும் சர்வேயருக்குக் கிழக்கே வேலி வரை என்று கடிதம் எழுதிவிட்டேன்.

காத்தவராயன் துண்டை உதறித் தோளில் போட்டார். "குடுத்தது குடுத்ததுதான் பாய். வேணும்னா இப்ப பத்திரம் எழுதித் தரேன். உட்பிரிவு பண்ணிக்குங்க. எனக்கு ஒரு ரூபா வேணாம்."

"ஆமா பாய், ஒரு மாசம் காத்திருக்கேன்," என்றார் சேரன். "மூணடி சேந்தாதான் கார் நிக்கும். நீங்க சொன்ன இரண்டரை அப்படியே தரேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இலவசமாக வாங்கி இரண்டரை லட்சத்துக்கு விற்கிற பேரம் என் வாழ்க்கையில் ஒரே முறைதான் வந்தது. நான் மரத்தைப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இலையில் தூசி இருந்தது. அடிக்கிளையில் நைலான் கயிறு கட்டியிருந்தது. நேராக வளர அத்னான் கட்டியது, அவிழ்க்க யாருமில்லாமல் பட்டைக்குள் புதைந்து போயிருந்தது. எங்கள் கடைக் கயிறு. மீட்டர் எட்டு ரூபாய்.

"வேணாம்ண்ணே," என்றேன். "கல்லு வரைக்கும்தான். சார், கல்லு வரைக்கும் படம் போடுங்க."

"அப்ப கார்?" என்றார் சேரன்.

"ரோட்டுல வுடுங்க தம்பி. இல்ல வேணாம்னா முன்பணத்த வாங்கிக்குங்க."

சேரன் கொஞ்சநேரம் தரையைக் காலால் தேய்த்தார். "பைக்குதான் இருக்கு இப்போதைக்கி," என்றார்.

காத்தவராயன் என் அருகில் வந்தார். "அன்னிக்கி மூணு மணி நேரம் பேசி வாங்கினீங்க. இன்னிக்கு மூணு நிமிஷத்துல வுட்டுட்டீங்களே."

"வயசாயிருச்சுண்ணே. வேலியப் பிரிச்சி கல்லுமேல போட்டுடறேன். மரத்த நீங்க வெட்டுவீங்களா?"

"நான் எதுக்கு வெட்டுறேன்? காய்க்குது."

வீட்டில் அஜீசுன்னிசா வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள். நான்கு கோடு, நான்கு எண். "மரம் எங்க?" என்றாள்.

"இதுல இல்ல. வெளிய போயிருச்சு. காத்தவராயன் பக்கம்."

கிழக்குக் கோட்டுக்கு வெளியே, வெற்றுத் தாளில், விரலை வைத்தாள். பிறகு, "சோறு போடட்டுமா?" என்றாள்.

சாப்பிட்டுக் கணக்கு எழுதினேன்.

மனை ஐந்து சென்ட், சென்ட் ஆறு லட்சம்: முப்பது லட்சம்.
சேரன் முன்பணம் வரவு: இரண்டு லட்சம். பதிவு அன்று வர வேண்டியது: இருபத்தெட்டு.
சர்வேயர் செலவு: நாலாயிரம்.
வேலி பிரித்துப் போட: ஆறாயிரம்.
கிழக்கே மூன்றடி, எலுமிச்சை ஒன்று: இரண்டரை லட்சம், கோடு போட்டு அடித்தாயிற்று.
அந்த மூன்றடிக்குக் காத்தவராயனுக்குப் பன்னிரண்டு வருஷ வாடகை: அவர் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை. பாக்கி.