வகுக்கக் கூடாத நிரை

கல்லூரியில் கணித விடைத்தாள் கொடுத்த நாளில், வகுப்பு முழுக்கப் பார்த்திருக்க நான் ஒரு மாணவியை எழுந்து நிற்கச் சொன்னேன். சத்தமில்லாமல் நடப்பதால் தோழிகள் அவளைப் பூனை என்பார்கள்.

"நாலாவது கேள்விக்கு நீயும் பக்கத்துல இருக்கறவளும் ஒரே தப்பை எழுதியிருக்கீங்க. யாரு யாரைப் பாத்து எழுதினது?"

பக்கத்துப் பெண் தலைகுனிந்தாள். பூனை மட்டும், "பாத்து எழுதல மேடம்" என்றாள்.

"அப்ப போர்டுல போடு."

குலத்தை உண்டாக்கும் a, b என இரண்டு பிறப்பாக்கிகள்; 2a + 4b = 0, 6a + 6b = 0 என இரண்டு உறவுகள். அந்த எபீலியன் குலம் எது என்பது கேள்வி. அவள் a, b-க்கு முன்னால் நிற்கும் எண்களை, அதாவது கெழுக்களை, அணியாக எழுதினாள்: மேல் நிரை, அதாவது மேல் வரிசை, 2, 4; கீழ் நிரை 6, 6. கீழ் நிரையிலிருந்து மேல் நிரையின் மும்மடங்கைக் கழித்தாள்: 0, -6. செங்குத்தான இரண்டாம் நிரலிலிருந்து முதல் நிரலின் இருமடங்கைக் கழித்தாள். மூலைவிட்டத்தில் 2, -6 மட்டும் மிஞ்சின. இரண்டு உறுப்புகள் உள்ள Z₂-உம் ஆறு உறுப்புகள் உள்ள Z₆-உம் சேர்ந்தது என்ற பொருளில் Z₂ ⊕ Z₆ என்று எழுதினாள்.

"மேல் நிரையை ரெண்டால வகுத்தா 1, 2 ஆயிடும். Z₆ மட்டும்தான் வரும். அதைக்கூடச் செய்யலியே" என்றேன்.

"வகுக்கக் கூடாதே மேடம். 2a + 4b பூஜ்யம்னா a + 2b பூஜ்யமா இருக்கணும்னு இல்லையே." கொஞ்சம் தயங்கினாள். "கெழு நாலும் இரட்டை. Z₂-ல a-க்கும் b-க்கும் பூஜ்யம், ஒண்ணு எதை வச்சாலும் உறவு சரியா வரும். நாலு விதமா வைக்கலாம். Z₆-லேர்ந்து Z₂-வுக்கு ரெண்டு விதம்தான் இருக்கு. அப்ப இது வெறும் Z₆ ஆகாது."

அவள் சொன்னதுதான் சரி. தாராளமாக வகுக்கக்கூடிய மெய்யெண் அணிகளையே பன்னிரண்டு வருடம் நடத்திய கை, வகுக்கக் கூடாத முழுவெண்ணிலும் தானாக வகுத்திருக்கிறது. அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம். "சரி, உட்காரு" என்று சொல்லிவிட்டு வெளியேறினேன்.

அறையில் நாற்பத்தொரு தாளையும் மறுபடி பிரித்தேன். முப்பது பேர் நிரையை வகுத்திருந்தார்கள், நான் சொல்லிக்கொடுத்தபடியே. சரியாகச் செய்த இருவருக்கும் பூஜ்யம் போட்டிருந்தேன்.

அதே துறையில் வேலை பார்க்கும் என் தங்கை எட்டிப் பார்த்தாள்; நடந்ததைச் சொன்னேன். "வகுப்புல சொல்லிட்டியா அக்கா?"

"மார்க்கைத் திருத்திட்டேன்."

"நான் அதைக் கேக்கல."

மறுநாள் காலை கரும்பலகை முன் நின்று, தவறு என்னுடையது, அந்த இருவரும் காப்பி அடிக்கவில்லை என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை போலிருந்தது. பூனையின் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

"அவ வரமாட்டா மேடம். காப்பி அடிச்சதா வீட்டுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ சொல்றதை அவ அப்பா நம்பல" என்றாள் பூனை.

வராந்தாவிலேயே நின்று அந்த வீட்டுக்குப் போன் செய்தேன். தந்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நிரையை வகுத்தது உட்பட. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ.

"என்கிட்ட எதுக்கு சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க" என்றார். பிறகு, தணிந்த குரலில், "நானும்தான் சொல்லணும்" என்றவர் போனை மகளிடம் கொடுத்தார்.