ஒண்டி ஆளுக்கு வேணாம்

செங்கல்பட்டுப் பொருட்காட்சியில் காய் வெட்டும் டப்பா விற்கும் ஆனந்தனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சாயங்காலம் முதலாளி காசிநாதன் வருகிறார். மாமல்லபுரத்தில் அடுத்துப் போடப்போகும் கடையை இவர்களுக்குக் கொடுப்பதா, தாம்பரத்து ஆட்களுக்குக் கொடுப்பதா என்று அன்றைக்குத்தான் முடிவு செய்வார்.

ஆனந்தனின் மனைவி துர்காதேவி, பின்னால் உட்கார்ந்து டப்பாவைப் பையில் போட்டுக் கொடுப்பவள். கூட்டத்திடம் பேசியதே இல்லை. விலை கேட்டால்கூட விரலைக் காட்டுவாள்.

ஆனந்தன் பேச்சுக்கு ஒரு கணக்கு உண்டு. வேணுமா என்று கேட்டால் வேணாம் என்று போய்விடுவார்கள். அதனால், "அக்கா, வூட்ல எத்தினி பேரு?" என்று ஆரம்பிப்பான். தலையை எண்ணுவதற்காகவாவது நிற்பார்கள். ரெண்டு பேர் என்றால் ஆபீஸ் அவசரத்தைப் பற்றிப் பேசுவான். நாலு பேர் என்றால் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா. ஆறு பேர் என்றால் மாமியார். பிறகு எல்லோருக்கும் ஒரே மாதிரி: வெங்காயத்தை வைத்து மூடியை அழுத்துவது, அந்த அக்காவையே ஒருமுறை அழுத்தச் சொல்வது, கடைசியில்தான் விலை.

முந்தின நாள் அவன் பேசியதை, முதலாளி கேட்டார் என்று, துர்காதேவி போனில் பதிவு செய்திருந்தாள். அதை ஸ்பீக்கரில் போட்டு, ஆனந்தன் வாயை மட்டும் அசைத்தான். முதல் சுற்றிலேயே ஸ்பீக்கர், "இன்னா பச்சைப் புடவை அக்கா, தூரமா நின்னுகினு கீறீங்க" என்றது. பச்சைப் புடவையில் யாருமில்லை. கூட்டம் பின்னால் திரும்பித் தேடியது. அவர்கள் முகம் திரும்புவதற்குள் ஸ்பீக்கரே அவர்கள் வீட்டில் ஆறு பேர் என்று முடிவு செய்துவிட்டது.

துர்காதேவி போனை எடுத்துக்கொண்டு, கடையில் திரையாகக் கட்டியிருந்த துணிக்குப் பின்னால் போனாள். பதிவிலிருந்து பச்சைப் புடவையை வெட்டினாள். பேச்சைத் துண்டு துண்டாக்கி 'கேள்வி', 'ரெண்டு', 'நாலு', 'ஆறு', 'வெங்காயம்', 'விலை' என்று பேர் வைத்தாள். வருகிறவர் சொல்லும் பதிலைக் காதில் வாங்கி, சரியான துண்டைத் தட்டினாள். மூன்று பேர் என்றால் 'நாலு'. அணுபுரத்திலிருந்து வந்த வசுமதி, ஏழு பேர் என்றதும் 'ஆறு' ஓடியது. மாமியாரைப் பற்றிக் கேட்டதும், பக்கத்தில் நின்ற மாமியாரைப் பார்க்காமல் வசுமதி ரெண்டு டப்பா வாங்கினாள்.

சாயங்காலம் காசிநாதன் வந்து கூட்டத்தோடு நின்றார். தான் யாரென்று காட்டிக்கொள்ளவில்லை. ஆனந்தனுக்கு வேர்த்தது. ஸ்பீக்கர் கேட்டது, "வூட்ல எத்தினி பேரு?"

"யாரும் இல்ல. நான் ஒண்டி" என்றார்.

ஒன்றுக்குத் துண்டு இல்லை. துர்காதேவியின் விரல் தவறி 'ஆறு' மேல் பட்டது. மாமியார் பின்னால் நின்றால் கை தானாக வேகம் எடுக்கும் என்று ஸ்பீக்கர் அவரிடம் சொன்னது. கூட்டம் சிரித்தது. ஆனந்தன் வாயசைக்க மறந்து நின்றான். அவள் பதறிப்போய் போனை அணைத்துவிட்டாள். எல்லோரும் துணியையே பார்த்தார்கள்.

துணியை விலக்கி அவள் வெளியே வந்தாள். குரல் மெல்ல வந்தது. "ஒண்டி ஆளுன்னா இது வேணாண்ணா. ஒரு வெங்காயம் நறுக்க ரெண்டு நொடி, உள்ள கம்பில மாட்டிகினு கீறத எடுக்க பத்து நிமிசம். கத்தியே போதும்."

ஆனந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

கூட்டத்தில் ஒரு அம்மா, இந்தப் பொண்ணு உள்ளதைச் சொல்லுது என்று ஒரு டப்பா கேட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் கை நீட்டினார்கள். துர்காதேவி பை போடப் போய்விட்டாள்.

கூட்டம் கலைந்ததும் காசிநாதன் கடைக்குள் வந்தார். மாமல்லபுரம் உங்களுக்குத்தான் என்றார். ஆனால் ஒண்டி ஆளும் தினமும் வரணும் என்றார். மணிக்கு ஒரு தடவை தன்னிடம் வேலை செய்யும் பையன் ஜோயலை அனுப்புவாராம். அவன் ஒண்டி ஆள் என்று சொல்லி டப்பா கேட்பான், துர்காதேவி வேணாம் என்று சொல்ல வேண்டும். பதிவு செய்யக்கூடாது, நேரில்தான் எடுபடும்.

மாமல்லபுரத்தில் ஜோயல் வந்தான், போனான். ஒவ்வொரு தடவையும் துர்காதேவிக்குக் கூச்சம் போகவில்லை, அதனாலேயே நன்றாக விற்றது. மூன்றாம் நாள் ஜோயல் டீ குடிக்கப் போயிருந்த நேரம், திருவிடந்தையிலிருந்து நரசிம்மன் என்றொருவர் வந்தார். வீட்டில் தான் மட்டும்தான் என்றார். நிஜமாகவே தனி ஆள். துர்காதேவி வேணாம் என்றாள். அவர் சிரித்தார்.

"இத நேத்தும் கேட்டுகினு போனேம்மா. அந்தப் பையன் கிட்டயும் இப்டித்தான் சொன்னே. குடு ஒண்ணு."

நிஜமாவே வேணாம் என்று அவள் கெஞ்சினாள். நல்லா நடிக்கிறே என்று பாராட்டி, நரசிம்மன் ரெண்டு வாங்கிக்கொண்டு போனார்.