ரவிக்கையில் விழுந்த டியூப்லைட்

மலிகா ஆரி எம்பிராய்டரி வேலை செய்பவள். பெரிய கடை ஷோகேஸில் இருந்த ரவிக்கையை வெளியே நின்று போட்டோ எடுத்து, அதே வேலைப்பாட்டைத் தானும் போடுவதற்காக, பிரிண்டை வண்ணாரப்பேட்டையில் என் போட்டோ ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தாள். முதுகில் பூ இருக்க வேண்டிய இடத்தில், எதிர்க்கடை டியூப்லைட் கண்ணாடியில் பட்டு வெள்ளையாகத் தெரிந்தது.

"பக்கத்துப் பூவ எடுத்து ஒட்டிடேன், செங்கொடி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப அது நான் போட்ட பூ. உள்ள இன்னா கீதுன்னு தெரிய வாணாமா? வேற படம் எடுத்தியா?"

"கொஞ்சம் தள்ளி நின்னு ஒண்ணு எடுத்தேன். அதுல ரவிக்கையோட கை மேல ரோட்டுல போற பஸ்ஸு தெரியுது."

பஸ் கையில் இருந்தால் முதுகு தப்பியிருக்கும். இரண்டையும் ஸ்கேன் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். ரவிக்கை ஓரங்கள் பொருந்தும்வரை மேல்படத்தை இழுத்துச் சரிசெய்து, அதில் டியூப்லைட்டை மட்டும் அழித்தேன். கீழ்ப்படம் அங்கே எட்டிப் பார்த்தது. பூ இல்லை, ஓர் இலை. அதன் காம்பில் மஞ்சள் நூல் முடிச்சு.

மலிகா மானிட்டரை முட்டுமளவு குனிந்தாள்.

"நாங்க ஒவ்வொருத்தரும் வேல முடிக்கிற எடத்துல ஒரு அடையாளம் வெப்போம். இது என் ஓரகத்தி உமைமாவோடது."

"பக்கத்து ரூம்புல இருக்கிறவளா? நேரா அவளையே கேட்டுக்க."

"ரெண்டு வருசமா பேச்சே இல்ல." அவள் நிமிர்ந்தாள். "அந்த டியூப்லைட்ட திரும்ப வெச்சிக் குடு."