கடைசிப் பூச்சியங்கள்

நான் ஒன்றும் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தில் ஆறு மாதம் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனேன், அவ்வளவுதான். ஆனால் கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்த அட்டைப்பெட்டிக் கொம்பனியில் அந்த ஆறு மாதமும் வேறு யாரிடமும் இல்லை. அதனால் 1997 ஜனவரியில் ஒரு கொம்பியூட்டரை வாங்கி என் மேசையில் வைத்துவிட்டு, இருநூற்றிப் பதினாலு பேருடைய வரவுப் பதிவையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு அப்போது தலைக்கனம் ஏறியது உண்மை. ஏறியதன் பலனைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. வந்த நாளுக்கு 1, சொல்லாமல் வராத நாளுக்கு 0, கடிதம் கொடுத்து எடுத்த லீவுக்கு L. ஞாயிறும் பௌர்ணமிப் போயாவும் அரசாங்க விடுமுறையும் வரிசையில் சேராது. வேலை நாள் மட்டும்தான். மனேஜர் விமலசேன கேட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு ஆளுக்கும் தொடர்ந்தாற்போல் விழுந்த பூச்சியங்களில் மிக நீண்ட தொடர் எத்தனை நாள் என்று கிழமைக்கு ஒருமுறை பார்த்து, ஐந்தும் அதற்கு மேலும் உள்ளவர்களைப் பட்டியலாகத் தரவேண்டும். ஐந்து ஆனால் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போகும். வீட்டிலிருந்து யாராவது வந்து காரணத்தை எழுதிக் கொடுத்தால் பூச்சியங்கள் லீவாக மாறும். ஒருவரும் வராமல் பத்தைத் தாண்டினால், அந்த ஆள் தானாகவே வேலையை விட்டுப் போனதாகக் கணக்கு.

நான் எழுதிய புரோகிராம் வரிசையை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு போகும். 0 வந்தால் ஒன்று கூட்டும். 1 அல்லது L வந்தால், அதுவரை கூட்டியதை முன்பு கண்ட பெரிய தொகையோடு ஒப்பிட்டு, பெரியதை வைத்துக்கொண்டு, கூட்டலை மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். கடைசியில் அந்தப் பெரிய தொகையைச் சொல்லும். போன வருடப் பதிவேட்டை முழுவதும் அடித்துச் சோதித்தேன். கையால் எண்ணியதற்கும் அதற்கும் ஒரு இடத்தில்கூட வித்தியாசம் வரவில்லை. விமலசேன எல்லோருக்கும் முன்னால் என்னைப் புகழ்ந்தார். நானும் வெட்கப்படுவது மாதிரி நின்றேன்.

போன வருடத்தின் கடைசி வேலை நாளில் கொம்பனி எல்லோருக்கும் புரியாணிப் பார்சல் கொடுத்தது. அன்றைக்கு வராத மனிதர் கிடையாது. கால் முறிந்தவன்கூட ஓட்டோவில் வந்து வாங்கிக்கொண்டு போனான். ஆகவே நான் சோதித்த அத்தனை வரிசையும் 1 என்றுதான் முடிந்தது. பூச்சியத்தில் முடிகிற வரிசையை என் புரோகிராம் சோதனையில் ஒருநாளும் கண்டதில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

பெப்ரவரி மூன்றாம் திகதி, சுதந்திர தினத்துக்கு முதல் நாள், கொட்டாஞ்சேனையில் விடியப்புறம் சுற்றிவளைப்பு நடந்தது. வெட்டும் மெஷினில் வேலை செய்த சூசைதாசனைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. அவன் பிறந்ததே கொட்டாஞ்சேனையில்தான். ஆனால் மன்னாரிலிருந்து வந்த மைத்துனன் ஒருவன் அவன் வீட்டில் நின்றிருக்கிறான், வெளியூரிலிருந்து வந்து தங்குபவரைப் பொலிஸில் பதியவேண்டும், பதியவில்லை. அது போதும் அந்தக் காலத்தில். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஒருவரும் ஒபிசில் வாய் திறக்கவில்லை. பொலிஸ் பிடித்தது என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். மூன்று பிள்ளைகள், வாடகை வீடு, அவன் ஒருவன் உழைப்பு. நானும் வாயை மூடிக்கொண்டு பூச்சியங்களை அடித்தேன்.

பட்டியல் எடுப்பது சனிக்கிழமை மத்தியானம். எட்டாம் திகதிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. நான் கவனிக்கவில்லை. பதினைந்தாம் திகதியும் இல்லை. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. பதினொரு பூச்சியம் என் கையால் அடித்திருக்கிறேன். திரையில் சூசைதாசனின் நீண்ட தொடர் 1 என்று நின்றது. அது ஜனவரியில் காய்ச்சலுக்கு நின்ற ஒரு நாள்.

பிழையைப் பிடிக்கப் பத்து நிமிடம் போகவில்லை. 1 அல்லது L வந்தால்தானே ஒப்பிடும்? அவன் வரவே இல்லை. பூச்சியங்கள் கூடிக்கொண்டே போயின, வரிசை முடிந்தது, கூட்டிய தொகையை ஒருவரும் கேட்கவில்லை. வரிசை முடிந்த பிறகும் ஒருதடவை ஒப்பிடு என்று ஒரு வரி எழுதியிருந்தால் சரியாகியிருக்கும்.

நான் அந்த வரியை எழுதவில்லை. எழுதினால் பதினொன்று என்று விழும், பத்தைத் தாண்டியாயிற்று, அவன் வேலை போய்விடும். கொம்பியூட்டருக்கு அவன் தெரியவில்லை என்றால் தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்தேன். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது என்னைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம் வந்தது. பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி. அந்த நினைப்பை இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே இரண்டு போடவேண்டும் போல இருக்கிறது.

பத்தொன்பதாம் திகதி புதன்கிழமை சூசைதாசன் வேலைக்கு வந்தான். மெலிந்திருந்தான், இடது கை விரல்களை மடக்க முடியவில்லை. விட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னான். அவனுடைய வரிசையில் சந்தோஷமாக ஒரு 1 அடித்தேன்.

சனிக்கிழமை போயா என்பதால் அந்தக் கிழமைப் பட்டியலை வெள்ளிக்கிழமையே எடுக்கவேண்டியிருந்தது. விமலசேன பிரிண்டரின் பக்கத்திலேயே நின்று தாளைக் கிழித்தெடுத்தார். முதலாவது பெயர் சூசைதாசன், பதின்மூன்று நாள்.

நான் அடித்த அந்த 1தான் காரணம். அது விழுந்தவுடன் புரோகிராம் அதுவரை கூட்டி வைத்த பதின்மூன்றையும் எடுத்து ஒப்பிட்டுவிட்டது. அவன் வராமல் இருந்தவரைக்கும் காட்டாததை, வந்ததும் காட்டியது. எழுதியவள் நான், எனக்கு இது முதலே தெரிந்திருக்க வேண்டும்.

விமலசேன கெட்டவர் இல்லை. ஆனால் சட்டம் என்றால் சட்டம் என்கிற ஆள். அவனைக் கூப்பிட்டு, பத்து நாள் தாண்டிவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று சிங்களத்தில் மெதுவாகவே சொன்னார். சூசைதாசன் வாசலுக்குப் போய் மனைவி றஞ்சிதத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் கை சரியில்லை என்று அவள்தான் மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பொலிஸ் கொடுத்த விடுதலைத் துண்டு அவளுடைய கைப்பைக்குள் மடித்து இருந்தது. அதை மேசையில் விரித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“ஒரு கடிதம் வந்திருந்தா அண்டைக்கே ஓடி வந்து எழுதித் தந்திருப்பன் மிஸ். மற்றவைக்கெல்லாம் கடிதம் வாறதாம். எங்களுக்கு வரேல்லை. நானும், அப்ப கொம்பனி இவரை நிப்பாட்டேல்லை எண்டு நம்பி இருந்திட்டன்.”

அந்தக் கடிதத்தை நான் அவர்களுக்கு வருகிற கேடாக நினைத்திருந்தேன். அவள் அதற்காகக் காத்திருந்திருக்கிறாள். எட்டாம் திகதி என் புரோகிராம் ஐந்து என்று சொல்லியிருந்தால் கடிதம் போயிருக்கும், அவள் வந்திருப்பாள், எல்லாம் லீவாக மாறியிருக்கும். பதினைந்தாம் திகதியாவது நான் எழும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் கெட்டித்தனத்தாலும் என் இரக்கத்தாலும் அவளுடைய பிள்ளைகளின் சோற்றில் மண் விழப் பார்த்தது.

“சேர், இது என்ர பிழை,” என்றேன்.

பிறகு ஆங்கிலமும் சிங்களமும் கலந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு தாளில் வரிசையை எழுதி, ஒவ்வொரு பூச்சியமாக விரல் வைத்து, எந்த இடத்தில் எண்ணாமல் விட்டது என்று காட்டினேன். கடிதம் போகாத ஆளுக்குப் பத்து நாள் கணக்கு எப்படி ஓடும் என்று கேட்டேன். அவர் அந்தத் தாளில் பூச்சியங்களைத் தானும் ஒருதடவை எண்ணிப் பார்த்தார். இந்தப் பிழை எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். பொய் சொல்ல வசதியான கேள்விதான். போன சனிக்கிழமையே தெரியும் என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. என்னோடு பேசாமல் றஞ்சிதத்திடம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். அவள் எழுதினாள், சூசைதாசன் வலது கையால் ஒப்பமிட்டான். பதின்மூன்று பூச்சியங்களையும் லீவாக மாற்றும்படி எனக்கு உத்தரவு. கூடவே என் பெயரில் ஒரு எச்சரிக்கைக் கடிதம். அது நியாயம்தான். வாசலில் றஞ்சிதம் என் கையைப் பிடித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் நன்றி சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை.

திரும்பி வந்தபோது விமலசேன என் கதிரைக்குப் பின்னால் நின்றார். அந்த ஒரு வரியை அவர் கண்ணுக்கு முன்னாலேயே எழுதச் சொன்னார். எழுதிவிட்டு மறுபடி பட்டியலை எடுத்தேன்.

முன்பு இல்லாத ஒரு பெயர் வந்தது. சிவபாலன், பொதி கட்டும் பகுதி, ஆறு நாள். அவனுடைய தொடர் இன்னும் முடியவில்லை. டிசம்பரில் சேர்ந்த பொடியன், ஒருவரோடும் அதிகம் கதைக்காதவன். சூசைதாசனையே நினைத்துக்கொண்டு, அவனுடைய பூச்சியங்களை நான் கவனிக்காமல் அடித்திருக்கிறேன். கோப்பில் முகவரி வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ். தாயின் முகவரி முல்லைத்தீவு. அந்தப் பக்கம் தபால் போனாலும் எப்போது போய்ச் சேரும் என்று ஒருவருக்கும் தெரியாத காலம் அது.

பதிவுத் தபாலை நான் நம்பவில்லை. அடுத்த நாள் போயா, லொட்ஜ் என் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளி. நடந்தே போனேன். லொட்ஜ் நடத்துகிற பாலசுந்தரம் கதவை அரைவாசி திறந்து, அந்தப் பொடியனைப் பதினைந்தாம் திகதி விடிய பொலிஸ் கொண்டுபோனது, பிறகு ஒருவரும் தேடி வரவில்லை, நீங்கள் அவனுக்கு என்ன முறை என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஏழாவது பூச்சியம் விழுவதற்கு முன்னால் நானே தாளை எடுத்து, அவனைப் பொலிஸ் கொண்டுபோனதை எழுதினேன். அறிவிப்பவர் என்ற இடத்தில் என் பெயர், பாலேஸ்வரி. முகவரி, என் வீட்டு முகவரி. உறவு என்ற இடத்தில் கொஞ்சநேரம் பேனையை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கூட வேலை செய்பவர் என்று எழுதினேன். விமலசேன அதை வாசித்துவிட்டு, இந்தத் தாளைப் பொலிஸும் ஒருநாள் வாசிக்கலாம், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் ஒப்பமிட்டார்.

ஆறு பூச்சியங்களையும் L ஆக மாற்றி, அன்றைய நாளுக்கும் ஒரு L போட்டேன். பிறகு ஒவ்வொரு காலையும் ஒரு L. கிழமைப் பட்டியலில் சிவபாலனின் பெயர் அதற்குப் பிறகு வரவில்லை. புரோகிராமில் இப்போது ஒரு பிழையும் இல்லை. பொதி கட்டும் மேசையில் அவன் நிற்கிற இடம் சித்திரை வருடப்பிறப்புக்கும் வெறுமையாகத்தான் இருந்தது.