இருபத்துநான்கு சொட்டு

குழந்தை மருத்துவர்களுக்கான பழைய மருந்துக் கையேட்டை ஸ்கேன் செய்து கணினி எழுத்தாக மாற்றிக்கொண்டிருந்தோம். அட்டவணையின் கட்டங்கள் குறுகல். இடம் போதாமல் மருந்துப் பெயர்கள் வரி முடிவில் ஒரு சிறு கோட்டோடு உடைந்து, அதே கட்டத்தின் அடுத்த வரியில் தொடரும். அவற்றை ஒட்டவைக்க எங்கள் புரோகிராமர் ஒரே விதி எழுதினார்: வரி முடிவில் கோடு இருந்தால் அதை நீக்கு, அடுத்த வரியோடு சேர்.

பெயர்கள் அழகாக ஒட்டின. சரிபார்க்கும் நான் மருந்தின் அளவைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சில் மேல்வரியில் ‘2-’, கீழ்வரியில் ‘4 சொட்டு’. கணினியிலோ ‘24 சொட்டு’.

“எண்ணுக்கு நடுவுல இருக்கிற கோட்டையும் எதுக்குங்க தூக்கினீங்க?”

“தொண்ணூத்தொம்பது சதவீதம் சரியா வந்திருக்கு மேடம். ஒண்ணு ரெண்டு தப்புக்கு இந்தக் குதி குதிக்கிறீங்களே!”

“குடிக்கப்போறது கைக்குழந்தைங்க!”

அவர் நாற்காலியில் சாவகாசமாகச் சாய்ந்தார்.

“யாரும் கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்துட மாட்டாங்க. டாக்டர் பாத்துக்குவார்.”

என் திரையை அவர் மூக்குக்கு நேராகத் திருப்பினேன்.

“டாக்டர் பாக்கப்போறதே இதைத்தான்யா!”